ஒரு அளவீடு, இரண்டு அறியாதவை: அயனிகளாகப் பிரியும் பொருளின் மோலார் நிறையைக் கண்டறிதல்

கரைபொருள் யூரியாவோ குளுக்கோஸோ என்றால், உறைநிலைத் தாழ்விலிருந்து மோலார் நிறையைக் காண்பது ஒரு வரிக் கணக்கு. அதே வரியை நீரில் அயனிகளாகப் பிரியும் உப்புக்கோ அமிலத்துக்கோ போட்டால், விடை பாதியாகவோ மூன்றில் ஒரு பங்காகவோ வந்து நிற்கும். தேர்வுக் கணக்குகளில் இந்தச் சிக்கல் தெரிவதில்லை. ஓர் அலகு பொருள் கரைசலில் எத்தனை துகள்களாக எண்ணப்படுகிறது என்பதைச் சொல்லும் வாண்ட் ஹாஃப் காரணி i இவ்வளவு என்று கணக்கிலேயே கொடுத்துவிடுவார்கள். பெயர் தெரியாத பொருளைக் கையில் வைத்திருப்பவருக்கு அதை யாரும் தருவதில்லை. i-யை எங்கிருந்து பெறுவது, எவ்வளவு நம்புவது என்பதுதான் இங்கே பேசப்போவது.

## வெப்பமானி எதை எண்ணுகிறது

தொகைசார் பண்புகள் கரைசலில் உள்ள துகள்களின் எண்ணிக்கையை மட்டுமே பார்க்கும். துகள் பெரியதா சிறியதா, மின்சுமை உண்டா இல்லையா என்பதைப் (முதல் தோராயத்தில்) பொருட்படுத்தாது. எனவே உறைநிலைத் தாழ்வு ΔTf, சவ்வூடுபரவல் அழுத்தம் Π ஆகியவற்றின் அடிப்படைச் சமன்பாடுகள் இரண்டிலும் செறிவோடு i ஒட்டிக்கொண்டே வரும்:

```
ΔTf = i · Kf · m        (m: மோலாலிட்டி)
Π   = i · C · R · T     (C: மோலாரிட்டி)
```

Kf என்பது கரைப்பானுக்குரிய மாறிலி. கரைபொருளின் மோலார் நிறை M, அதன் நிறை w2 கிராம், கரைப்பானின் நிறை w1 கிராம் என்று வைத்து முதல் சமன்பாட்டைத் திருப்பி எழுதினால்:

```
M / i = 1000 · Kf · w2 / (ΔTf · w1)
```

வலப்பக்கத்தில் இருப்பதெல்லாம் தராசும் வெப்பமானியும் தருபவை. இடப்பக்கத்தில் நிற்பது M அல்ல, M / i. அதாவது ஒரு மோல் துகளுக்கு எத்தனை கிராம் என்ற தோற்ற மோலார் நிறை. ஒரு கரைசலில் ஒருமுறை உறைநிலையை அளந்தால் இந்த விகிதம் ஒன்றுதான் கிடைக்கும். எத்தனை தசம இடம் துல்லியமாக அளந்தாலும் அதிலிருந்து M-ஐயும் i-யையும் பிரித்தெடுக்க முடியாது. இரண்டாவது தகவல் ஒன்று வேறு எங்கிருந்தாவது வந்தாக வேண்டும்.

பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று இங்கேயே இருக்கிறது. பிரிகையுறும் பொருளுக்குத் தோற்ற மோலார் நிறை எப்போதும் உண்மை மதிப்பைவிடக் குறைவு. எனவே அதை i-ஆல் பெருக்க வேண்டும். வகுத்துவிட்டால் விடை உண்மையிலிருந்து இன்னும் விலகிப்போகும். விடை வந்ததும் ஒரு கேள்வி போதும்: துகள்கள் கூடின என்றால், திருத்திய நிறையும் கூடியிருக்கிறதா?

ஒரு வாய்பாட்டு அலகு ν அயனிகளாகப் பிரியக்கூடியது, அதில் α பங்கு பிரிந்திருக்கிறது என்றால் i = 1 + α(ν − 1). வலிமை குறைந்த அமிலத்துக்கு இது அப்படியே பொருந்தும். உப்புகளுக்கு இதை எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். 0.1 மோலால் சோடியம் குளோரைடுக்கு அளந்து கண்ட i ஏறத்தாழ 1.87. இதைப் போட்டு α = 0.87 என்று எழுதுவது வழக்கம். உண்மையில் அங்கே 13 சதவீத உப்பு பிரியாமல் கிடக்கவில்லை. அயனிகள் ஒன்றையொன்று இழுப்பதால் அவை முழுச் சுதந்திரமான துகள்களைப்போல் நடந்துகொள்வதில்லை, அவ்வளவுதான். i = 2 என்று எடுத்துக்கொண்டு கணக்கிட்டால் 58.4-க்குப் பதிலாக 62.5 வரும்.

## உறைநிலையைப் பிழையில்லாமல் படிப்பது

i-யைப் பற்றிப் பேசுவதற்கு முன் ΔTf நம்பத்தக்கதாக இருக்க வேண்டும். 0.1 மோலால் செறிவில் நீரின் உறைநிலை 0.2 கெல்வின் அளவுக்குத்தான் தாழும். 0.1 டிகிரி வரை படிக்கும் சாதாரண வெப்பமானிக்கு இங்கே வேலையே இல்லை. பெக்மன் வெப்பமானியோ, ஆயிரத்தில் ஒரு பங்கு டிகிரியைக் காட்டும் மின்னணு வெப்பமானியோ வேண்டும். நமக்கு வேண்டியது இரண்டு வெப்பநிலைகளின் வேறுபாடு மட்டுமே. ஆகவே தூய நீரின் உறைநிலையையும் அதே வெப்பமானியில், அதே குழாயில், அதே நீரைக்கொண்டு அளக்க வேண்டும். சுழிப்பிழையும், நீரில் கரைந்திருக்கும் காற்றின் விளைவும் அப்போது இரண்டு பக்கமும் கழிந்துபோகும். தூய நீருக்கு 0.000 என்று மனக்கணக்கில் எழுதிக்கொள்வது இந்தச் சோதனையின் மிகப் பழைய குறுக்குவழி, கெடுப்பதும் அதுதான்.

கரைசல் இருக்கும் குழாயை இன்னொரு அகலக் குழாய்க்குள் நிறுத்தி, இரண்டுக்கும் நடுவே காற்று உறையாக இருக்கும்படி விடவும். வெளியே பனிக்கட்டியும் உப்பும் கலந்த குளிர்தொட்டி. அதன் வெப்பநிலை கரைசலின் உறைநிலைக்கு மூன்று நான்கு டிகிரி கீழே இருந்தால் போதும். அதைவிடக் குளிராக இருந்தால், குழாயின் சுவரில் பனி படிய நடுவில் திரவம் நிற்கும். வெப்பமானி எதையும் சரியாகக் காட்டாது. சீரான வேகத்தில் கலக்கிக்கொண்டே அரை நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறிக்கவும்.

கரைசல் தன் உறைநிலையை எட்டியவுடன் உறைவதில்லை. அதற்கும் கீழே மீக்குளிர்ந்து போய், ஒரு கட்டத்தில் திடீரென்று படிகங்கள் தோன்றும். வெப்பநிலை சட்டென்று ஏறி ஓர் உச்சத்தில் நிற்கும். தூய நீரில் அந்த உச்சம்தான் உறைநிலை. கரைசலில் அப்படியில்லை. வெப்பநிலை ஏறுவதற்கான வெப்பம், நீரின் ஒரு பகுதி பனியாக மாறியதிலிருந்து வந்தது. பனியாகப் போனது தூய நீர். எஞ்சிய கரைசல் முன்பைவிடச் செறிவானது. நாம் படிக்கும் உச்சம் அந்தச் செறிவான கரைசலின் உறைநிலை.

இதன் அளவைக் கணக்கிடலாம். ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி ஏற்ற 4.18 ஜூல் வேண்டும். ஒரு கிராம் உறைந்தால் 334 ஜூல் வெளிவரும். எனவே ஒவ்வொரு டிகிரி மீக்குளிர்வுக்கும் நீரில் 1.25 சதவீதம் உறைந்துவிடுகிறது. கரைசல் 2 டிகிரி மீக்குளிர்ந்தால் செறிவு 2.5 சதவீதம் கூடும், ΔTf-உம் அவ்வளவே கூடும், மோலார் நிறை அவ்வளவு குறையும். இந்தப் பிழை எப்போதும் ஒரே திசையில்தான் போகும். பலமுறை அளந்து சராசரி எடுத்தாலும் நீங்காது. ஒன்று, உறைநிலைக்கு அரை டிகிரி கீழே வந்ததும் அரிசி அளவுகூட இல்லாத பனித்துணுக்கைப் போட்டு உறைதலைத் தொடங்கிவைக்கலாம். இல்லையேல், உச்சத்துக்குப் பிறகு மெல்ல இறங்கும் கோட்டைப் பின்னோக்கி நீட்டி, முதலில் இறங்கிவந்த கோட்டைச் சந்திக்கும் இடத்தைப் படிக்கலாம்.

கடைசியாக ஒன்று. Kf-க்கான வாய்பாட்டில் வருவது கரைப்பானின் நிறை, கரைசலின் நிறை அல்ல. நீருக்கு Kf = 1.86 கெல்வின் கிலோகிராம் / மோல்.

## அமிலம் என்றால்: pH-ஐக் கேளுங்கள்

பெயர் தெரியாத, நீரில் ஓரளவே பிரியும் ஓர் அமிலம் என்று வைத்துக்கொள்வோம். 0.945 கிராம் அமிலத்தை 100.0 கிராம் நீரில் கரைத்தோம். மீக்குளிர்வுத் திருத்தத்துக்குப் பின் ΔTf = 0.207 கெல்வின். கரைசலின் pH 2.00.

முதலில் துகள்களின் மொத்தச் செறிவு: 0.207 / 1.86 = 0.1113 மோல் / கிலோகிராம். ஒரு கிலோகிராம் நீருக்கு நாம் போட்ட அமிலம் 9.45 கிராம். பிரிகையை மறந்துவிட்டு 9.45 / 0.1113 என்று வகுத்தால் 84.9 வரும். இதுதான் M / i.

இப்போது துகள்களைக் கணக்குப் பார்ப்போம். போட்ட அமிலத்தின் உண்மைச் செறிவு c. ஒவ்வொரு அமில மூலக்கூறும், பிரிந்தாலும் பிரியாவிட்டாலும், கரைசலில் ஒரு துகளாகவே இருக்கிறது: பிரியாவிட்டால் மூலக்கூறாக, பிரிந்தால் எதிரயனியாக. பிரியும்போது கூடுதலாக வருவது ஹைட்ரஜன் அயனி மட்டுமே. அதன் செறிவு h என்றால்,

```
மொத்தத் துகள்கள் = c + h
```

அமிலம் ஒரு ஹைட்ரஜனைத் தருவதா, இரண்டைத் தருவதா என்றுகூட இங்கே தெரிந்திருக்க வேண்டியதில்லை. இரண்டு ஹைட்ரஜனையும் இழந்த மூலக்கூறும் ஒரே எதிரயனிதான். அது விட்ட இரண்டும் h-இல் ஏற்கெனவே சேர்ந்துவிட்டன. i-யைத் தனியாகத் தேடாமலே வேலை முடிவதால், அமிலங்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது என்பது என் கருத்து.

pH 2.00 என்பதை அப்படியே h = 0.0100 என்று எடுத்தால், c = 0.1113 − 0.0100 = 0.1013; M = 9.45 / 0.1013 = 93.3. ஆனால் pH மீட்டர் காட்டுவது அயனிகளின் இழுப்பால் சற்றுக் குறைந்து தெரியும் செறிவை. 0.01 மோலார் அளவில் அந்தக் குறைவு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. அதாவது உண்மை h = 0.0100 / 0.90 = 0.0111. இப்போது c = 0.1002; M = 94.3. i எவ்வளவு என்று வேண்டுமானால் இப்போது சொல்லலாம்: 0.1113 / 0.1002 = 1.11.

எவ்வளவு நம்பலாம்? வெப்பமானியின் ஒவ்வொரு படிப்பிலும் ±0.002 டிகிரி பிழை இருந்தால், வேறுபாட்டில் ±0.003 இருக்கும், 0.207-இல் அது 1.4 சதவீதம். pH வழியாக வரும் பிழை அவ்வளவு இல்லை. h-இல் 10 சதவீதம் தவறினாலும் M-இல் 1 சதவீதம்தான் மாறும். ஆகவே விடையை 94 ± 1.5 என்று எழுதுவதுதான் நேர்மை. 94.3 என்று நிறுத்திவிடுவது அந்த வெப்பமானிக்குத் தகுதியில்லாத துல்லியம்.

இதே எண்களிலிருந்து இன்னொரு சோதனையும் செய்யலாம். பிரிகை மாறிலி h² / (c − h) = 0.0111² / 0.0891 = 1.4 × 10⁻³. மோனோகுளோரோ அசிட்டிக் அமிலத்தின் மோலார் நிறை 94.5, பிரிகை மாறிலி ஏறத்தாழ 1.4 × 10⁻³. ஒன்றையொன்று சாராத இரண்டு அடையாளங்கள் ஒரே பொருளைக் காட்டுகின்றன.

சில வேளைகளில் pH அளக்கவில்லை, ஆனால் Ka தெரியும் என்ற நிலை வரும். அப்போது பலர் i = 1-இல் தொடங்கி மீண்டும் மீண்டும் திருத்திக்கொண்டே போவார்கள். ஒரு ஹைட்ரஜனை மட்டும் தரும் அமிலத்துக்கு அது தேவையில்லை. மொத்தத் துகள் செறிவு S என்றால் c = S − h. இதைப் பிரிகைச் சமன்பாட்டில் போட்டால் நேரடியாகவே,

```
h = −Ka + √(Ka² + Ka · S)
c = S − h
```

மேலே உள்ள எண்களில் S = 0.1113, Ka = 1.38 × 10⁻³ என்று போட்டால் h = 0.0111 என்றே வரும்.

pH அளக்கும்போது கவனிக்க வேண்டியது வெப்பநிலை. உறைநிலை அளப்பது 0 டிகிரிக்குச் சற்றுக் கீழே. pH அளப்பது பெரும்பாலும் அறை வெப்பநிலையில். i ஒன்றுக்கு அருகில் இருக்கும்வரை இந்த வேறுபாடு பெரிதாகப் பாதிக்காது. பனித்தொட்டியிலேயே அளக்கத் துணிந்தால், மீட்டரைச் சரிசெய்யும் தாங்கல் கரைசல்களும் அதே குளிரில் இருக்க வேண்டும். அவற்றின் pH மதிப்பும் வெப்பநிலையோடு மாறும்.

## உப்பு என்றால்: நீர்க்கச் செய்துகொண்டே போங்கள்

வலிமையான மின்பகுளிகளில் pH உதவாது. அங்கே நமக்குத் தெரிந்திருப்பது ஒன்றுதான்: செறிவு சுழியை நெருங்கும்போது அயனிகளின் இழுப்பு மறைந்து, i ஒரு முழு எண்ணை, அதாவது ν-ஐ, நெருங்கும். ஆகவே ஒரு செறிவில் அளப்பது போதாது. பல செறிவுகளில் தோற்ற நிறையை அளந்து, செறிவின் வர்க்கமூலத்துக்கு எதிராக வரைந்து, சுழிக்கு நீட்ட வேண்டும். செறிவுக்கு எதிராகவே வரைந்தால் கோடு சுழிக்கு அருகில் வளையும், நீட்டுவது ஊகமாகிவிடும்.

ஒரு பொட்டாசிய உப்பு. நிறையில் 44.9 சதவீதம் பொட்டாசியம் என்று பகுப்பாய்வு சொல்கிறது. எதிரயனி எதுவென்று தெரியாது. ஒரு கிலோகிராம் நீரில் 17.43 கிராம் கரைத்தபோது ΔTf = 0.432 கெல்வின், தோற்ற நிறை 75. பத்து மடங்கு நீர்த்த கரைசலில், அதாவது 1.743 கிராமில், ΔTf = 0.0502, தோற்ற நிறை 64.6. நடைமுறையில் இடையே இன்னும் மூன்று புள்ளிகளாவது எடுக்க வேண்டும்; வழியைக் காட்ட இரண்டு முனைகள் போதும்.

முதலில், இந்த எண் மாறுகிறது என்பதே ஒரு செய்தி. பிரிகையோ இணைதலோ இல்லாத பொருளுக்கு, நீர்க்கச் செய்தாலும் தோற்ற நிறை ஏறத்தாழ அப்படியே இருக்கும். இங்கே அது நீர்க்க நீர்க்கக் குறைகிறது, அயனிகள் இருக்கின்றன.

செறிவுகளின் வர்க்கமூலங்கள் 4.175, 1.320. இந்த இரண்டு புள்ளிகள் வழியே போகும் நேர்கோடு செறிவு சுழியில் ஏறத்தாழ 60-ஐத் தொடுகிறது. ஒரு மோல் அயனிக்கு 60 கிராம். இனி ν என்ன? 2 என்றால் M = 120; 3 என்றால் 180; 4 என்றால் 240. உறைநிலை இதற்குமேல் எதுவும் சொல்லாது. பகுப்பாய்வு சொல்லும்:

120-இல் 44.9 சதவீதம் 53.9 கிராம், பொட்டாசியத்தின் அணுநிறை 39.1 ஆகையால் 1.38 அணுக்கள். 240 என்றால் 2.76 அணுக்கள். 180 என்றால் 2.07. முழு எண்ணை நெருங்குவது ஒன்றுதான். ν = 3, வாய்பாட்டு அலகில் இரண்டு பொட்டாசியம், ஆகவே இரட்டை மின்சுமையுள்ள ஓர் எதிரயனி.

இதோடு நிறுத்தி M = 180 என்று எழுதுவது தவறு. உறைநிலை முழு எண்ணைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிட்டது. அதன் வேலை முடிந்தது. துல்லியம் இப்போது பகுப்பாய்விலிருந்து வரட்டும்: 2 × 39.1 / 0.449 = 174. பொட்டாசியத்தைக் கழித்தால் எதிரயனிக்கு மிஞ்சுவது 96. சல்பேட் அயனியின் நிறையும் அதுவே. பொட்டாசியம் சல்பேட்டின் மோலார் நிறை 174.3. நாம் நீட்டிய கோடு மூன்று சதவீதம் தவறியிருந்தும் முடிவு பாதிக்கப்படவில்லை. 2, 3, 4 என்பவற்றுக்கு இடையே உள்ள இடைவெளி அந்தப் பிழையைவிட எவ்வளவோ பெரியது.

எவ்வளவு தூரம் நீர்க்கலாம் என்பதற்கு வெப்பமானிதான் எல்லை. மேற்கண்ட நீர்த்த கரைசலிலேயே ±0.003 டிகிரி என்பது 6 சதவீதப் பிழை. இன்னும் பத்து மடங்கு நீர்த்தால் தாழ்வு 0.005 டிகிரி, அளவும் பிழையும் ஏறத்தாழச் சமம். அந்தப் புள்ளி கோட்டைத் திருத்தாது, கெடுக்கும். மக்னீசியம் சல்பேட் போன்ற இரட்டைச் சுமை உப்புகளில் நிலைமை இன்னும் மோசம். 0.1 மோலால் செறிவில் அதன் i ஏறத்தாழ 1.2 மட்டுமே, 0.01-இல் 1.5. சாதாரணக் கருவியால் எட்டக்கூடிய செறிவுகளில் அது 2-ஐ நெருங்குவதே இல்லை. அப்படிப்பட்ட உப்பின் வகையைக் கடத்துத்திறனைக் கொண்டு முடிவு செய்வது நல்லது.

படிகநீர் உள்ள உப்பை எடைபோட்டுக் கரைத்தால் இன்னொரு நுணுக்கம் உண்டு. படிகநீர் கரைந்ததும் கரைப்பானோடு சேர்ந்துவிடும். கிடைப்பது படிகநீரோடு சேர்ந்த மோலார் நிறை. நீர்த்த கரைசலில் w1-இல் வரும் மாற்றம் சிறிது, செறிந்த கரைசலில் அதைச் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

நீர்க்க நீர்க்கத் தோற்ற நிறை குறைகிறது, ஆனால் மிகச் செறிந்த கரைசலில் அது உண்மை நிறையையே தாண்டி நிற்கிறது என்றால், அது பிரிகை அல்ல, இணைதல். பென்சீனில் கரைந்த பென்சாயிக் அமிலம் இப்படித்தான்: மோலார் நிறை 122, தோற்ற நிறை 240-ஐ நெருங்கும், மூலக்கூறுகள் இரண்டிரண்டாகச் சேர்ந்துவிடுகின்றன. அங்கே i அரையை நெருங்குகிறது. பெருக்க வேண்டும் என்ற விதி மாறாது. பெருக்கும் எண்தான் ஒன்றுக்குக் கீழே போகிறது.

## புரதம் என்றால்: சவ்வூடுபரவல் அழுத்தமும் எதிரயனிகளும்

64,500 மோலார் நிறையுள்ள ஒரு புரதம், லிட்டருக்கு 10 கிராம். உறைநிலைத் தாழ்வு 0.0003 கெல்வின், அளப்பதற்கு ஒன்றுமில்லை. அதே கரைசலின் சவ்வூடுபரவல் அழுத்தம் 25 டிகிரியில் 10 × 0.08206 × 298 / 64,500 = 0.0038 வளிமண்டலம். கேட்பதற்குச் சிறிது, நீர்க்கம்பத்தின் உயரமாகச் சொன்னால் 39 மில்லிமீட்டர். அளவுகோலால் படித்துவிடலாம். பெரிய மூலக்கூறுகளுக்கு உறைநிலையை விட்டுவிட்டு இந்த முறைக்கு வருவது இதனால்தான். மாறாக, சிறிய உப்புகளுக்கு இது சரிவராது. அவற்றின் அயனிகளைத் தடுத்து நிறுத்தும் சவ்வு கிடைப்பது அரிது.

இங்கேயும் i பதுங்கியிருக்கிறது. புரதம் கரைசலில் மின்சுமையோடு இருக்கும். அதைச் சமன்செய்யச் சோடியமோ குளோரைடோ உடன் நிற்கும். சுமை 10 என்றால், உப்பில்லாத கரைசலில் ஒரு புரதத்துக்குப் பத்து எதிரயனிகள். மின்நடுநிலை காக்க அவையும் சவ்வின் உள்பக்கமே நின்றாக வேண்டும். i = 11; தோற்ற நிறை 5,900. சவ்வு உப்பைக் கடத்துவது, ஆகவே சிறிய அயனிகளைக் கணக்கில் எடுக்கத் தேவையில்லை என்று நினைப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

இந்த i-யை அளந்து திருத்துவதைவிட அடக்கிவிடுவது எளிது. இரண்டு பக்கமும் உப்பு சேர்த்தால், புரதத்தின் சுமையைச் சமன்செய்யும் வேலையைச் சவ்வின் வழியே போய்வரும் அயனிகள் பகிர்ந்துகொள்ளும். புரதத்தின் மோலார் செறிவு p, சுமை z, உப்பின் செறிவு s என்றால், உப்பு மிகுதியாக இருக்கும்போது:

```
Π / RT = p + z² p² / (4 s)
```

நம் எண்களைப் போட்டால், 0.01 மோலார் உப்பில் இரண்டாம் உறுப்பு அழுத்தத்தை 39 சதவீதம் கூட்டுகிறது. 0.1 மோலாரில் 4 சதவீதம் மட்டுமே. அந்த 4 சதவீதமும் p² உடன் போவதால், செறிவைக் குறைத்துக்கொண்டே போனால் மறைந்துவிடும்.

செய்முறை இதிலிருந்தே அமைகிறது. புரதக் கரைசலை 0.1 மோலார் உப்புள்ள தாங்கல் கரைசலில் சவ்வுப் பையில் இட்டுச் சமநிலைக்குக் கொண்டுவாருங்கள். சவ்வின் மறுபக்கத்தில் நிற்க வேண்டியது அந்த வெளிக்கரைசலேதான். அதே செய்முறையில் புதிதாகத் தயாரித்ததுகூட அல்ல. தாங்கலின் செறிவில் ஆயிரத்தில் ஒரு மோல் வேறுபட்டாலும், அது புரதத்தின் செறிவைவிட ஆறு மடங்கு. சமநிலை வரும்வரை படிப்பைத் தாறுமாறாக்கும். pH-ஐப் புரதத்தின் சமமின் புள்ளிக்கு அருகில் வைத்தால் z-உம் குறையும். ஆனால் பல புரதங்கள் அங்கேதான் எளிதில் வீழ்படிவாகும், அதனால் சற்றுத் தள்ளி நிற்பது பாதுகாப்பு. லிட்டருக்கு 2 முதல் 15 கிராம் வரை நான்கைந்து செறிவுகளில் Π-ஐ அளந்து, Π / c-ஐ c-க்கு எதிராக வரையுங்கள். சுழிச் செறிவில் கோடு வெட்டும் மதிப்பு RT / M. c கிராம் / லிட்டரிலும் Π வளிமண்டலத்திலும் இருந்தால் R = 0.08206; பாஸ்கலில் படித்தால் R = 8.314 எடுத்து, c-ஐ கிராம் / கனமீட்டராக மாற்றிக்கொள்ள வேண்டும். இந்த ஒரு மாற்றத்தை மறந்தால் விடை ஆயிரம் மடங்கு தள்ளிப்போகும்.

உப்பின் அளவு போதுமா என்று எப்படி அறிவது? உப்பை இருமடங்காக்கி மீண்டும் அளந்து பாருங்கள். கோட்டின் சாய்வு குறைந்து, வெட்டும் இடம் மாறாமல் இருந்தால் போதும். வெட்டும் இடமும் நகர்ந்தால் எதிரயனிகள் இன்னும் எண்ணப்படுகின்றன.

கோடு தாழ்ந்த செறிவில் மேல்நோக்கி வளைந்தால் காரணம் வேறு. நீர்க்கும்போது புரதமே துணை அலகுகளாகப் பிரிகிறது. ஹீமோகுளோபினின் நான்கு அலகுத் தொகுதி இப்படி இரண்டிரண்டாகப் பிரியக்கூடியது. அந்த வளைவை நேர்கோடாக எண்ணி நீட்டினால் முழுத் தொகுதிக்கும் அரைத் தொகுதிக்கும் நடுவே, எதற்கும் பொருந்தாத ஓர் எண் வரும்.

பொட்டாசிய உப்பில் பார்த்த முழு எண் உத்தி இங்கேயும் செல்லும். ஹீமோகுளோபினில் இரும்பு ஏறத்தாழ 0.335 சதவீதம், ஓர் இரும்பணு என்று வைத்தால் மோலார் நிறை 16,700. 1920-களில் ஆங்கிலேய உயிர்வேதியியலாளர் அடேர் சவ்வூடுபரவல் அழுத்தத்தைக் கவனமாக அளந்து ஏறத்தாழ 67,000 என்று கண்டார். ஒரு மூலக்கூறில் நான்கு இரும்பணுக்கள் என்பது அதிலிருந்து தெளிவானது.

நீர்க்கம்பம் ஏறி ஓர் உயரத்தைத் தொட்டபின் நிற்காமல் மணிக்கணக்கில் மெல்ல இறங்கிக்கொண்டே இருந்தால், சவ்வு புரதத்தைக் கசியவிடுகிறது. வெளிக்கரைசலில் புரதம் இருக்கிறதா என்று சோதித்துவிட்டு சவ்வை மாற்றுங்கள். இறங்காவிட்டாலும் ஒரு படிப்பை மட்டும் நம்ப வேண்டாம். ஒருமுறை எதிர்பார்க்கும் உயரத்துக்குக் கீழேயிருந்தும், ஒருமுறை மேலேயிருந்தும் தொடங்கி, இரண்டும் ஒரே உயரத்தில் வந்து நின்றால்தான் அது சமநிலை அழுத்தம்.